பாட்டி வேண்டிக்கொண்ட மொட்டையைப் பேரன் போட வேண்டுமா?

கேள்வி: மலைக்கோயிலுக்கு மொட்டை போடுவதாகக் குடும்பங்கள் ஏன் வேண்டிக்கொள்கின்றன? மற்ற மதங்களில் வேண்டுதலை எப்படிப் பார்க்கிறார்கள்?

முதலில் இரண்டு மொட்டைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். குழந்தைக்கு ஒரு வயதிலோ மூன்று வயதிலோ குலதெய்வக் கோயிலில் தாய்மாமன் மடியில் உட்காரவைத்து இறக்கும் முதல் முடி வேண்டுதலில் சேராது. நோய் வந்தாலும் வராவிட்டாலும் அது செய்தே தீரவேண்டிய முறை. வேண்டுதல் மொட்டைக்கு நிபந்தனை உண்டு: இந்தக் காய்ச்சல் தணியட்டும், இந்தப் பிரசவம் நல்லபடி முடியட்டும், பிறகு உன் மலையேறி வந்து முடி இறக்குகிறேன் என்று ஒரு தெய்வத்தின் பெயர் சொல்லிச் செய்துகொள்ளும் பேச்சு அது. எங்கள் சேலம் பக்கத்து வீடுகளில் அந்தப் பேச்சு வெறும் வாய்ச்சொல்லோடு நிற்பதில்லை. மஞ்சள் தோய்த்த துணியில் ஒரு நாணயத்தை முடிந்து சாமி படத்தருகே மாட்டிவிடுவார்கள். கடன் தீரும் நாளில் அந்த முடிச்சை அவிழ்த்து, காசைக் கோயில் உண்டியலில் சேர்ப்பார்கள்.

ஏன் முடி என்றால், பணமில்லாதவரும் கொடுக்கக்கூடியது அது. கொடுத்த பிறகு மீண்டும் வளர்ந்துவிடும். அதுவரை ஊரார் கண்ணுக்கும் தெரியும். ஏன் மலை என்பதற்கும் கிட்டத்தட்ட அதே விடைதான். படியேறும் உடல் வருத்தமே காணிக்கையின் ஒரு பகுதி. ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டு ஏறும் பெண்களைக் கவனித்தால் இது புரியும். தவிர, சேர்வராயன் மலை கிராமங்களில் மலையே தெய்வத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது. உச்சியில் உள்ள குகைக்கோயிலில் சேர்வராயனையும் காவேரி அம்மனையும் மலையாளி பழங்குடியினர் வழிபடுகிறார்கள். கீழே கஞ்சமலை சித்தர் கோயிலுக்கோ தோல் நோய் தீர வேண்டி அமாவாசைதோறும் கூட்டம் வருகிறது. எந்தக் குறைக்கு எந்த மலை என்று இந்த மாவட்டத்துப் பாட்டிகளுக்கு ஒரு கணக்கு உண்டு. மருத்துவரிடம் போவதை அந்தக் கணக்கு தடுத்து நான் பார்த்ததில்லை, பெரும்பாலும் இரண்டும் ஒரே நாளில் நடக்கும்.

உங்கள் கேள்வியில் 'குடும்பங்கள்' என்ற சொல்தான் உண்மையான சிக்கல் இருக்கும் இடம். வேண்டிக்கொள்பவர் ஒருவர், முடி இன்னொருவருடையது. என் அக்கா மகனுக்குக் குழந்தைப் பருவத்தில் கடுமையான காய்ச்சல் கண்டபோது, ஆத்தூர் அருகே வடசென்னிமலை முருகனுக்கு அவன் முடியை இறக்குவதாக என் அம்மா வேண்டிக்கொண்டார். அவன் பிழைத்தான். ஆனால் உடனே போக முடியவில்லை. அடுத்தடுத்துப் பங்காளி வீட்டுத் துக்கத் தீட்டு, பிறகு அக்காவின் கர்ப்பம், பிறகு வெளியூர் வேலை என்று தள்ளிப்போய், மஞ்சள் துணி வெளுத்துப்போன காலத்தில் அவன் கல்லூரி மாணவனாகிவிட்டான். கேட்கும்போதெல்லாம், "நான் வேண்டிக்கலையே அம்மாயி" என்றான். அம்மாவோ, வீட்டில் எந்த ஒரு சின்னத் தடங்கல் வந்தாலும் அந்தக் கடனையே காரணமாகச் சொன்னார். தீராத வேண்டுதலின் கெடுதி இதுதான் என்று எனக்குத் தோன்றும்: தொடர்பில்லாத துன்பங்களுக்கெல்லாம் அது விளக்கமாகிவிடுகிறது, யாராவது ஒருவர் குற்றவாளியாகிவிடுகிறார்.

இத்தகைய நிலையில் எங்கள் பக்கத்தில் பூ கேட்பார்கள். ஒரே அளவில் மடித்த இரண்டு பொட்டலங்களில், ஒன்றில் வெள்ளைப் பூவும் மற்றொன்றில் சிவப்புப் பூவும் வைத்து, எந்தப் பூவுக்கு என்ன பொருள் என்பதை முன்னதாகவே சொல்லிவிட்டு, சாமி காலடியில் வைத்து, விவரமறியாத ஒரு குழந்தையைவிட்டு ஒன்றை எடுக்கச் சொல்வது வழக்கம். சிவப்பு வந்தால் பையன் மொட்டை, வெள்ளை வந்தால் வேண்டிக்கொண்டவரே பூ முடி கொடுப்பது என்று பேசிக்கொண்டோம். வெள்ளை வந்தது. அம்மா தம் கூந்தல் நுனியில் சிறிதளவு கத்தரித்துக் கொடுத்தார். பேரன் நாணய முடிச்சை உண்டியலில் போட்டான். (நினைத்த பூ வரும்வரை திரும்பத் திரும்பக் கேட்கும் குடும்பங்களும் உண்டு, அதைச் சாமி எப்படி எடுத்துக்கொள்கிறதோ, அறியேன்.) இந்து வழக்கத்தில் வேண்டுதலை மாற்றித் தரும் ஒற்றை அதிகாரம் எங்கும் இல்லாததால், பூவோ பூசாரியின் வாக்கோ வீட்டுப் பெரியவரின் சொல்லோ அந்த இடத்தை நிரப்புகிறது.

இதே கேள்வியைப் பிற மதங்களிடம் வைத்தால் வேறு விடைகள் கிடைக்கின்றன. கத்தோலிக்கத் திருச்சபையின் 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு, வேண்டுதல் தன் இயல்பிலேயே அதைச் செய்தவரை மட்டுமே கட்டுப்படுத்தும் என்கிறது. நிறைவேற்ற இயலாதவர், தக்க காரணம் இருந்தால், பங்குத்தந்தையிடம் விடுதலை பெறலாம். வாக்களித்த செயலுக்கு ஈடான அல்லது அதைவிடப் பெரிய நற்செயலாகத் தாமே மாற்றிக்கொள்ளவும் செய்யலாம். ஏற்காட்டிலிருந்து வேளாங்கண்ணிக்குப் போய் மொட்டை போட்டுவரும் கத்தோலிக்கக் குடும்பங்களில் பலருக்கு இந்த வழி இருப்பதே தெரியாது என்பது வேறு செய்தி. சீர்திருத்தச் சபையினர் பொதுவாக மொட்டையை ஏற்பதில்லை. ஆனால் அவர்கள் வாசிக்கும் வேதாகமத்திலேயே முடியும், பொருத்தனை என்று அங்கே சொல்லப்படும் வேண்டுதலும் சேர்ந்து வருகின்றன: எண்ணாகமம் 6ஆம் அதிகாரத்தில் நசரேய விரதம் காப்பவர் முடி வெட்டாமலிருந்து, விரதம் முடியும்போது தலையைச் சிரைக்கிறார், அப்போஸ்தலர் நடபடிகள் 18ஆம் அதிகாரத்தில், பொருத்தனையின் பொருட்டுக் கெங்கிரேயாவில் தலைச்சவரம் நடந்தது சொல்லப்படுகிறது. பிள்ளையின் சார்பில் தாய் வேண்டிக்கொள்வதற்கும் அங்கே உதாரணம் உண்டு. பிறக்கப்போகும் மகனின் தலையில் சவரகன் கத்தி படாது என்று அன்னாள் வாக்களிக்கிறாள். பொருத்தனை செய்து நிறைவேற்றாமலிருப்பதைவிடச் செய்யாமலிருப்பதே நலம் என்று பிரசங்கி 5ஆம் அதிகாரம் எச்சரிக்கவும் செய்கிறது.

இஸ்லாத்தில் நேர்ச்சை இன்னும் கடுமையாக வரையறுக்கப்படுகிறது. நேர்ச்சை விதியில் எதையும் மாற்றாது, கஞ்சனிடமிருந்து கொஞ்சம் பொருளை வெளியே கொண்டுவரும், அவ்வளவே என்ற கருத்தில் ஒரு நபிமொழி உண்டு. ஆயினும் நற்செயலுக்காக நேர்ந்துவிட்டால் நிறைவேற்றியாக வேண்டும். தவறினால் சத்தியத்தை முறித்ததற்கான பரிகாரம், அதாவது பத்து ஏழைகளுக்கு உணவோ உடையோ அளிப்பது, இயலாதவர் மூன்று நாள் நோன்பிருப்பது. ஒருவர் தமக்கு உரிமையில்லாத ஒன்றை நேர்ந்துகொள்ள முடியாது என்ற விதியும் உண்டு. என் அக்கா மகன் சொன்னதற்கு மிக அருகில் வரும் விதி அதுதான். குழந்தை பிறந்த ஏழாம் நாள் முடி இறக்கி, அதன் எடைக்கு வெள்ளியைத் தருமம் செய்யும் அகீகா சடங்கு நம் முதல் மொட்டையைப் போல நிபந்தனையற்றது. நாகூர் தர்காவில் மொட்டை போடுகிறவர்களில் இந்துக்களும் இருக்கிறார்கள், முஸ்லிம்களும் இருக்கிறார்கள். நேர்ச்சை அல்லாஹ்வுக்கு மட்டுமே உரியது என்று சொல்லி அதை மறுக்கும் ஆலிம்களும் இருக்கிறார்கள்.

உங்கள் வீட்டில் தீராத வேண்டுதல் ஏதேனும் இருந்து அதன்பொருட்டு இதைக் கேட்டிருந்தால், முடிக்கு உரியவரிடம் முதலில் கேளுங்கள், அவர் மறுத்தால் வேண்டிக்கொண்டவரே மலையேறட்டும். தமிழக அறநிலையத்துறைக் கோயில்களில் 2021 முதல் மொட்டைக்குக் கட்டணம் கிடையாது.