இணையக் கடையின் பொருள் விவரத்தைத் தமிழாக்குதல்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

டர்பனிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் புடவை, விளக்கு, சமையல் சாதனங்கள் விற்கும் கடைக்காரர்கள் சிலர் தங்கள் விற்பனைப் பக்கங்களைத் தமிழிலும் தருகிறார்கள். அவர்களிடமிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: எங்கள் பக்கத்தில் ஒரு குத்துவிளக்கின் எடை 1,250 kg என்று இருக்கிறது. அதை "1,250 கிலோ" என்றே தமிழில் எழுதினேன். இந்தியாவிலிருந்து வந்து குடியேறிய வாடிக்கையாளர் ஒருவர் குழம்பிப்போனார். எண்ணில் கை வைக்கலாமா? (சாட்ஸ்வொர்த்)

எண்ணின் மதிப்பை மாற்றக் கூடாது. ஆனால் அதை எழுதும் முறையை மாற்றியே ஆக வேண்டும். தென்னாப்பிரிக்காவின் முறைப்படியான வழக்கில் தசமத்திற்குக் காற்புள்ளியும், ஆயிரத்தைப் பிரிக்க இடைவெளியும் இடுகிறார்கள். விலையை R1 299,95 என்று எழுதுவது அதனால்தான். தமிழ் வாசகர் பழகியதோ இதற்கு நேர்மாறானது: அவருக்குப் புள்ளிதான் தசமம், காற்புள்ளி ஆயிரத்தைப் பிரிப்பது. ஆகவே நீங்கள் எழுத வேண்டியது "1.250 கிலோ".

சிக்கல் பெரிதாவது இரண்டு வழக்குகளும் ஒரே பக்கத்தில் கலக்கும்போதுதான். இந்திய உற்பத்தியாளரின் விவரத்தாளில் 1,250 g என்று இருந்தால் அது ஆயிரத்து இருநூற்றைம்பது கிராம்; உள்ளூர்ப் பக்கத்தில் 1,250 kg என்று இருந்தால் அது ஒன்றேகால் கிலோ. இரண்டும் ஒரே எடையாயினும் காற்புள்ளி வெவ்வேறு வேலையைச் செய்கிறது. எது எந்த வழக்கு என்பதை அதே தாளில் உள்ள மற்றொரு எண்ணை வைத்துக் கண்டுபிடிக்கலாம்: விலையோ பெட்டியின் எடையோ பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். அதன் பிறகும் ஐயம் இருந்தால் விளக்கைத் தராசில் வையுங்கள். தமிழ் வடிவத்தில் நான்கு இலக்க எண்களைப் பிரிக்காமல் "1250 கிராம்" என்று எழுதிவிட்டால் ஐயத்திற்கே இடமில்லை.

உயரம் 30 சென்டிமீட்டர் என்றிருந்தால் அதை "ஓர் அடி" என்று எழுத வேண்டாம். ஓர் அடி என்பது 30.48 சென்டிமீட்டர், பூஜை மாடத்தின் உயரத்தை அளந்து வாங்குபவருக்கு அந்த அரை சென்டிமீட்டரும் கணக்குதான்.

கேள்வி: ஐந்து லிட்டர் பிரஷர் குக்கரை "ஐந்து லிட்டர் சமைக்கலாம்" என்று விளக்கலாமா? (டோங்காட்)

கூடாது. அந்த எண் பாத்திரத்தின் மொத்தக் கொள்ளளவு. பொதுவாக மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது என்றும், அரிசி, பருப்பு போன்று பொங்கி எழுபவற்றைப் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது என்றும் கையேடுகள் சொல்கின்றன. "கொள்ளளவு 5 லிட்டர்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆர்ட் சில்க் புடவை, பிராஸ் ஃபினிஷ் விளக்கு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பாத்திரம் ஆகியவற்றைத் தமிழில் எப்படிச் சொல்வது? (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

ஆர்ட் சில்க்கைக் "கலைப்பட்டு" என்று எழுதியிருப்பதைக் கண்டிருக்கிறேன். அது செயற்கைப் பட்டு; விஸ்கோஸ் அல்லது பாலியெஸ்டர் போன்ற இழையில் நெய்தது. "கலைப்பட்டு" என்று படிப்பவர் பட்டுப்புழுவின் நூல் என்றுதான் நினைப்பார். "ஆர்ட் சில்க் (செயற்கை இழை)" என்று எழுதி, இழையின் பெயரும் விழுக்காடும் மூலத்தில் இருந்தால் அவற்றையும் அப்படியே தாருங்கள். 60% பட்டு, 40% விஸ்கோஸ் என்பதை "பட்டுக் கலப்பு" என்று சுருக்கினால், வாங்குபவர் விலையை ஒப்பிடத் தேவையான விவரமே மறைந்துவிடுகிறது.

விளக்கில் மூன்று நிலைகள் உண்டு. சாலிட் பிராஸ் என்பது முழுப் பித்தளை. பிராஸ் பிளேட்டட் என்பது வேறு உலோகத்தின் மேல் பித்தளை முலாம். பிராஸ் ஃபினிஷ் என்பது பித்தளை போன்ற தோற்றம் மட்டுமே. அதில் பித்தளை இருப்பதாக யாரும் சொல்லவில்லை. எனவே அதைப் "பித்தளைப் பூச்சு" என்று எழுதுவதும் பிழை. "பித்தளை நிறத் தோற்றம்" என்று எழுதி, அடியில் உள்ள உலோகம் எதுவென்று வழங்குநரிடம் கேட்டுச் சேர்க்க வேண்டும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்குத் "துருப்பிடிக்காத எஃகு" என்பது நூல் வழக்கு. விற்பனைப் பக்கத்திலோ அது துருவே ஏறாது என்ற வாக்குறுதியாகப் படிக்கப்படும். உப்புநீர் நெடுநேரம் நின்றால் அந்த எஃகிலும் புள்ளிப் புள்ளியாக அரிப்பு வரும். எல்லோருக்கும் தெரிந்த "எவர்சில்வர்" என்ற சொல்லே இங்கு நல்லது. 18/10 என்பது குரோமியமும் நிக்கலும் ஏறத்தாழ எத்தனை விழுக்காடு என்பதைக் குறிப்பதால் அதை அப்படியே விட்டுவிட வேண்டும்.

கேள்வி: மிக்ஸியின் உத்தரவாதத்தைத் தமிழில் சுருக்கமாகவும் பிழையில்லாமலும் தருவது எப்படி? (பீனிக்ஸ்)

நீங்கள் அனுப்பிய மூலத்தில் இருப்பது இது: வாங்கிய நாளிலிருந்து தயாரிப்புக் குறைகளுக்கு 2 ஆண்டுகள், மோட்டாருக்கு 5 ஆண்டுகள், உதிரிபாகம் மட்டும், ஜாடி, பிளேடு, ரப்பர் வாஷர் சேராது, பழுது பார்ப்பதா மாற்றித் தருவதா என்பது நிறுவனத்தின் விருப்பம், வீட்டு உபயோகத்திற்கு மட்டும். நீங்கள் எழுதியிருப்பது: "மோட்டாருக்கு 5 ஆண்டு உத்தரவாதம், பழுதானால் இலவசமாகச் சரிசெய்து தரப்படும்."

இந்த ஒரே வரியில் நிறுவனம் தராத மூன்று வாக்குறுதிகள் புகுந்துவிட்டன. "உதிரிபாகம் மட்டும்" என்பது போனதால் கூலியும் இலவசமாகிவிட்டது. "பழுதானால்" என்றதால் கீழே விழுந்து உடைந்ததும் உள்ளடங்கிவிட்டது. "சரிசெய்து தரப்படும்" என்றதால் நிறுவனத்தின் விருப்பம் உங்கள் கடமையாகிவிட்டது. நான் இப்படி எழுதுவேன்: "மோட்டாரில் தயாரிப்புக் குறை இருந்தால், வாங்கிய நாளிலிருந்து 5 ஆண்டுகள் வரை மோட்டாருக்கான உதிரிபாகங்கள் இலவசம், வேலைக் கூலி வாடிக்கையாளருடையது. பழுது பார்ப்பதா மாற்றித் தருவதா என்பதை நிறுவனம் முடிவு செய்யும். வீட்டு உபயோகத்திற்கு மட்டும்." நீளம்தான், ஆனால் சுருக்க இடம் இல்லை. வீட்டிலேயே மாவு அரைத்து விற்பவருக்கு "வீட்டு உபயோகம்" பொருந்துமா என்பதை மூலம் சொல்லவில்லை. அதை நீங்களாக முடிவு செய்யாமல் நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள்.

இதிலிருந்து பிரித்துக் காட்ட வேண்டிய ஒன்று சட்டம் தரும் உரிமை. 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56ஆம் பிரிவின்படி, குறையுள்ள பொருளை அது கைக்கு வந்த 6 மாதங்களுக்குள் திருப்பித் தரலாம். பழுது பார்த்தல், மாற்றித் தருதல், பணம் திரும்பத் தருதல் ஆகியவற்றில் எது வேண்டும் என்பதைத் தேர்ந்தெடுப்பவர் வாங்கியவர். நிறுவனத்தின் உத்தரவாதத்திற்கு மேற்பட்டதாகவே இது இருக்கிறது. ஒன்றில் நாள் கணக்கு வாங்கிய நாளில் தொடங்குகிறது, மற்றொன்றில் பொருள் வந்து சேர்ந்த நாளில்; ஒன்றில் தேர்வு நிறுவனத்தினுடையது, மற்றொன்றில் நுகர்வோருடையது. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கலந்தால் எதுவும் சரியாக நிற்காது. தனித்தனிப் பத்திகளாக எழுதுங்கள்.

கேள்வி: 34 என்ற ரவிக்கை அளவை "34 அங்குலம்" என்று எழுதலாமா? தைத்துக் கொடுத்ததையும் 7 நாட்களுக்குள் திருப்பலாம் என்று போடலாமா? (டர்பன்)

மூலத்தில் அங்குலம் என்று இல்லாதபோது 34 வெறும் அளவுக் குறியீடு. "அளவு 34" என்று எழுதி, மார்புச் சுற்றளவை அளவு அட்டவணையிலிருந்து சென்டிமீட்டரில் தாருங்கள். இணையத்தில் வாங்கியதைக் கையில் பெற்ற 7 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யும் உரிமை 2002ஆம் ஆண்டின் மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டத்தில் உண்டு. ஆனால் வாடிக்கையாளரின் அளவுக்கெனத் தைத்தவை அதில் சேரா. புடவைக்கு எழுதிய வரியை ரவிக்கைக்கும் ஒட்டாதீர்கள்.

கேள்வி: "முரண்பாடு இருந்தால் ஆங்கில வடிவமே செல்லும்" என்று போட்டுவிட்டால் போதாதா? (சாட்ஸ்வொர்த்)

அதை நம்பி இருக்க முடியாது. விற்பவர் வெளியிட்ட ஆவணத்தில் இரு பொருள் கொள்ள இடமிருந்தால், நுகர்வோருக்குச் சாதகமான பொருளையே நீதிமன்றம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று முன்சொன்ன நுகர்வோர் சட்டமே கூறுகிறது. தமிழ் வரியைப் பார்த்து வாங்கியவர் அந்த வரியைத்தான் காட்டுவார். எந்தத் தேதியிட்ட மூலத்திலிருந்து மொழிபெயர்த்தது என்பதைத் தமிழ்ப் பக்கத்தின் அடியில் குறிப்பிடுங்கள். நிறுவனம் நிபந்தனையை மாற்றும் அன்றே தமிழ்ப் பக்கத்தையும் திருத்துங்கள்.