மூன்று கதவுப் புதிர்: மாற்றுவதா, வேண்டாமா?

புதிர் இதுதான்: மூன்று மூடிய கதவுகளில் ஒன்றின் பின்னால் கார், மற்ற இரண்டின் பின்னால் ஆடு. நீங்கள் ஒரு கதவைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். கார் எங்கே என்று தெரிந்த தொகுப்பாளர், மற்ற இரண்டில் ஆடு இருக்கும் ஒரு கதவைத் திறந்து காட்டிவிட்டு, 'மிச்சமுள்ள கதவுக்கு மாறுகிறீர்களா?' என்று கேட்கிறார்.

கேள்வி: 1ஆம் கதவைத் தேர்ந்தெடுத்ததாக வைத்து, நடக்கக்கூடியவற்றை எழுதிப் பார்த்தேன். கார் 1இல் இருந்தால் தொகுப்பாளர் 2ஐத் திறக்கலாம், 3ஐயும் திறக்கலாம். கார் 2இல் என்றால் 3ஐத் திறப்பார், 3இல் என்றால் 2ஐ. மொத்தம் நான்கு, மாற்றினால் இரண்டில்தான் ஜெயிக்கிறேன். பாதிக்குப் பாதிதானே?

நான்கும் சரிதான், ஆனால் நான்குக்கும் சம வாய்ப்பு இல்லை. கார் 1இல் இருக்கும் வாய்ப்பு மூன்றில் ஒன்று. முதல் இரண்டு வரிகளும் அதைப் பங்கிட்டுக்கொள்கின்றன. 1990இல் அமெரிக்காவின் 'பரேட்' இதழில் மர்லின் வோஸ் சாவன்ட் 'மாற்றுங்கள்' என்று எழுதியபோது, கணிதம் படித்தவர்கள் பலரும் அவருக்கு மறுப்புக் கடிதம் எழுதினார்கள். சம வாய்ப்பில்லாதவற்றைச் சமமாக எண்ணுவது அவ்வளவு எளிதாக நேர்ந்துவிடுகிறது.

சரிசெய்ய ஒரு வழி உண்டு. தொகுப்பாளர் ஒவ்வொரு முறையும் நாணயம் சுண்டுவதாக வைத்துக்கொள்வோம். தலை என்றால் 2, பூ என்றால் 3. எங்கே எது இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். அதனால் கார் 1இல் இருந்தால் மட்டும் நாணயம் சொல்வதைக் கேட்பார், மற்றபடி ஆட்டுக் கதவைத்தான் திறப்பார். இப்போது காரின் இடம் மூன்று, நாணயத்தின் பக்கம் இரண்டு, ஆக ஆறு வரிகள். ஆறுக்கும் சம வாய்ப்பு.

கார் 1, தலை: 2 திறக்கும், மாற்றினால் ஆடு
கார் 1, பூ: 3 திறக்கும், மாற்றினால் ஆடு
கார் 2, தலை: 3 திறக்கும், மாற்றினால் கார்
கார் 2, பூ: 3 திறக்கும், மாற்றினால் கார்
கார் 3, தலை: 2 திறக்கும், மாற்றினால் கார்
கார் 3, பூ: 2 திறக்கும், மாற்றினால் கார்

மாற்றினால் ஆறில் நான்கு, அதாவது மூன்றில் இரண்டு.

கேள்வி: அது மொத்தக் கணக்கு. 3ஆம் கதவு திறந்ததைக் கண்ணால் பார்த்த பிறகும் அதேதானா?

அதேதான். 3 திறக்கும் வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடுங்கள். மூன்று வரிகள் மிஞ்சும். இரண்டில் கார் 2ஆம் கதவுக்குப் பின்னால்.

கேள்வி: கார் எங்கே என்று தொகுப்பாளருக்கே தெரியாமல், குருட்டாம்போக்கில் திறந்து ஆடு வந்துவிட்டால்?

அப்போது பாதிக்குப் பாதிதான். இப்போது அவர் எப்போதுமே நாணயம் சொன்ன கதவைத்தான் திறப்பார். 'கார் 2, தலை', 'கார் 3, பூ' இரண்டிலும் காரே வெளியே வந்துவிடும். நீங்கள் பார்த்ததோ ஆடு, ஆகவே அந்த இரண்டையும் அடித்துவிட வேண்டும். மிச்சம் நான்கு வரிகளில் இரண்டில் மாற்றினால் கார், இரண்டில் ஆடு. பார்த்தது அதே ஆடுதான் என்றாலும், அவர் அதை எப்படித் தேர்ந்தெடுத்தார் என்பதை வைத்து விடை மாறுகிறது. புதிரைச் சொல்பவர்கள் இந்த நிபந்தனையை விட்டுவிடுவதால்தான் பாதிச் சண்டை.

கேள்வி: தெரிந்தே திறப்பவர்தான், ஆனால் முடிந்தபோதெல்லாம் 2ஐயே திறக்கும் பழக்கம் உள்ளவர் என்றால்?

நாணயமே வேண்டாம், மூன்று வரிகள் போதும். கார் 1 என்றால் 2, கார் 2 என்றால் 3, கார் 3 என்றால் 2. அவர் 3ஐத் திறந்தால் கார் நிச்சயம் 2இல், உடனே மாற்றுங்கள். 2ஐத் திறந்தால் கார் 1இலோ 3இலோ இருக்கலாம், சம வாய்ப்பு, மாற்றினாலும் நஷ்டமில்லை.