பில்லில் ஜிஎஸ்டி எண் விட்டுப்போனால் என்ன செய்வது?

கேள்வி: எங்கள் பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்காக ஆகஸ்ட் 18-ல் ஒரு பிரின்டர் வாங்கினோம். விலை 42,000, ஜிஎஸ்டி 7,560, மொத்தம் 49,560 ரூபாய். பில்லில் என் சொந்தப் பெயர் வந்துவிட்டது, கம்பெனியின் ஜிஎஸ்டி எண் இல்லை. "பில் போட்டாச்சு, இனி மாத்த முடியாது" என்கிறார் விற்றவர். பெயரையும் எண்ணையும் திருத்தி வாங்க வழி இருக்கிறதா? பிடிஎஃப்பை மட்டும் மாற்றித் தந்தால் போதுமா?

பதில்: வழி இருக்கிறது. ஆனால் பிடிஎஃப்பை மட்டும் மாற்றுவதில் பயன் இல்லை. நீங்கள் 7,560 ரூபாயை உள்ளீட்டு வரி வரவாக எடுக்க, அதாவது கம்பெனி கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ள வேண்டுமானால், விற்றவர் தம் விற்பனையைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தில் அந்த பில்லை உங்கள் ஜிஎஸ்டி எண்ணுக்கு எதிரே காட்டியிருக்க வேண்டும். அப்படிக் காட்டினால்தான், உங்களுக்குக் கிடைக்கும் வரவுகளைப் போர்ட்டல் மாதாமாதம் பட்டியலிடும் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையில் அது வரும். அதில் வராத பில்லுக்கு வரவு எடுக்க ஜிஎஸ்டி சட்டத்தின் 16(2)(ஏஏ) பிரிவு இடம் தரவில்லை. பில்லின் ஓரத்தில் பேனாவால் எண்ணை எழுதி சீல் வைத்துத் தரும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அதை ஜிஎஸ்டி போர்ட்டல் பார்க்கப்போவதில்லை.

பெயரையும் எண்ணையும் முதலில் பிரித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே எடையுள்ள பிழைகள் அல்ல. வாங்குபவரின் பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண் மூன்றும் பில்லில் இருக்க வேண்டும் என்கிறது விதி 46. ஆனால் விவரம் எல்லாம் முழுமையாக இல்லாத பில்லுக்கும் வரவு எடுக்கலாம் என்று விதி 36(2) ஒரு சலுகை தருகிறது. அதற்கு வரித் தொகை, பொருளின் விவரம், மொத்த மதிப்பு, விற்றவர், வாங்கியவர் இருவரின் ஜிஎஸ்டி எண்கள் ஆகியவை இருக்க வேண்டும். மாநிலம் விட்டு மாநிலம் போகும் விற்பனையானால் வழங்கல் இடமும் வேண்டும். அந்தப் பட்டியலில் பெயர் இல்லை. ஜிஎஸ்டிஆர்-1 படிவத்திலும் எண்ணை இட்டால் பெயரைப் போர்ட்டலே எடுத்துக்கொள்கிறது. எனவே எண் சரியாக இருந்து பெயரில் மட்டும் பிழை என்றால் வரவு நிற்காது. திருத்திய பிரதி ஒன்றையோ, லெட்டர்ஹெட்டில் விற்றவர் எழுதிய ஒரு விளக்கத்தையோ வாங்கி பில்லோடு வைத்தால் போதும்.

இதையே தனி உரிமையாளர் ஒருவர் கேட்டிருந்தால் பெயரைப் பற்றிப் பேசவே வேண்டியிருக்காது. அவருடைய ஜிஎஸ்டி பதிவில் சட்டப்பூர்வப் பெயர் என்பது பான் அட்டையிலுள்ள அவருடைய சொந்தப் பெயர்தான். கடைப் பெயர் வணிகப் பெயராக மட்டுமே இருக்கும். உங்களுடையது கம்பெனி. கம்பெனியின் சட்டப்பூர்வப் பெயர் வேறு, இயக்குநரான நீங்கள் வேறு. ஆகவே உங்களுக்குப் பெயரும் மாற வேண்டும், எண்ணும் ஏற வேண்டும்.

அடுத்து, விற்றவர் ஆகஸ்ட் மாதத்து ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் செய்துவிட்டாரா என்று கேளுங்கள். மாதாமாதம் தாக்கல் செய்பவருக்கு அதன் கடைசி நாள் செப்டம்பர் 11. இன்னும் தாக்கலாகவில்லை என்றால் வேலை சுலபம். பழைய பில்லை ரத்து செய்து, கம்பெனிப் பெயரும் எண்ணும் போட்டுப் புது பில் தரலாம். ரத்தான எண்ணை ஆவணங்களின் எண்ணிக்கை கேட்கும் அட்டவணை 13-ல் ரத்து என்று காட்டிவிட்டால் வரிசை எண்ணில் இடைவெளி விழாது. விற்றவர் காலாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்பவராக இருந்தால் உங்களுக்கு இன்னும் அவகாசம் உண்டு. ஜூலை முதல் செப்டம்பர் வரையான காலாண்டுக்கு அவருடைய கடைசி நாள் அக்டோபர் 13. எண் இல்லாத சில்லறை பில்களை இடைப்பட்ட மாதங்களில் அவர் ஏற்றுவதில்லை, எல்லாம் காலாண்டு இறுதியில்தான் போகும். 'முடியாது' என்ற பதிலுக்குப் பல நேரம் காரணம், இந்த ஒரு விவரத்தைப் பில்லிங் மேசையில் யாரும் பார்க்காததுதான்.

தாக்கல் முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எண் இல்லாத பில் என்பதால் உங்கள் 42,000 ரூபாய் தனி பில்லாகப் போயிருக்காது. விற்றவர் உங்கள் மாநிலத்திலேயே இருந்தால், பதிவில்லாதவர்களுக்கு விற்றதன் மொத்தத் தொகையில் ஒரு பகுதியாக அது அட்டவணை 7-ல் கலந்திருக்கும். அந்த மொத்தத்திலிருந்து இதை உருவி, உங்கள் எண்ணுக்கு எதிரே தனியாக வைக்க வேண்டும்.

செப்டம்பர் மாத ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தில் இதற்கு இரண்டு இடங்களிலும் மாற்றம் செய்ய வேண்டும். அட்டவணை 10 பழைய மாதத்துச் சில்லறை மொத்தத்தைத் திருத்துவதற்கானது. அங்கே ஆகஸ்ட் மாத மொத்தத்தில் 42,000 குறைத்துக் காட்ட வேண்டும். அட்டவணை 4ஏ பதிவு பெற்றவர்களுக்கு விற்ற பில்களுக்கானது. அங்கே அதே பில் எண்ணையும் ஆகஸ்ட் 18 என்ற தேதியையும் உங்கள் ஜிஎஸ்டி எண்ணையும் கொடுத்து, விட்டுப்போன பில்லாக ஏற்ற வேண்டும். முந்தைய மாதத் தேதியிட்ட பில்லைப் போர்ட்டல் ஏற்றுக்கொள்ளும். வரியில் 3,780 மத்திய பங்கு, 3,780 மாநிலப் பங்கு ஓரிடத்தில் குறைகிறது, இன்னோரிடத்தில் அதே தொகை கூடுகிறது. விற்றவருக்குக் கையிலிருந்து ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகப் போகாது. அவர் தயங்கினால் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் திரும்பவும் வரி கட்ட வேண்டியிருக்குமோ என்பதே அவருடைய பயமாக இருக்கும்.

சிலர் பழைய பில்லுக்குக் கிரெடிட் நோட் போட்டுவிட்டுப் புதுத் தேதியில் புது பில் தருவார்கள். வரிக் கணக்கு அப்போதும் சமமாகவே முடியும். ஆனால் கிரெடிட் நோட்டைப் பற்றிப் பேசும் 34-ஆம் பிரிவு, மதிப்போ வரியோ கூடிவிட்டது, பொருள் திரும்பி வந்தது, பொருளில் குறை இருந்தது போன்ற காரணங்களைத்தான் சொல்கிறது. வாங்கியவரின் எண் விட்டுப்போனது அதில் இல்லை. அதனால் அட்டவணையில் திருத்துவதே சுத்தமான வழி என்பது எங்கள் கருத்து. கிரெடிட் நோட் வழியில்தான் போவேன் என்று அவர் சொன்னால், புது பில்லில் பழைய பில்லின் எண்ணும் தேதியும் குறிப்பிடப்படட்டும்.

அவருக்கு நீங்கள் அனுப்பும் மின்னஞ்சல் சுருக்கமாக இருக்கட்டும்:

"ஆகஸ்ட் 18 தேதியிட்ட உங்கள் பில் எண் ______, தொகை 49,560 ரூபாய். வாங்கியவர் பெயர் ______ என்றும், ஜிஎஸ்டி எண் இல்லாமலும் உள்ளது. இருக்க வேண்டிய பெயர் ______, ஜிஎஸ்டி எண் ______. பதிவுச் சான்றிதழ் இணைத்துள்ளோம். செப்டம்பர் மாத ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தில் அட்டவணை 10-ல் குறைத்து, 4ஏ-வில் இந்த எண்ணுக்குக் காட்டி, திருத்திய பில்லை அனுப்ப வேண்டுகிறோம்."

அனுப்பும் முன் உங்கள் எண்ணை ஜிஎஸ்டி போர்ட்டலில் `Search Taxpayer` பகுதியில் `Search by GSTIN/UIN` என்பதில் இட்டுப் பாருங்கள். வருகிற சட்டப்பூர்வப் பெயரை எழுத்து மாறாமல் அப்படியே மின்னஞ்சலில் எழுதுங்கள். எண்ணில் 15 எழுத்துகள் இருக்கும். முதல் 2 மாநிலக் குறியீடு, அடுத்த 10 கம்பெனியின் பான். இரண்டு மாநிலங்களில் பதிவுள்ள கம்பெனிகள் அதிகம் இடறுவது இங்கேதான். பான் ஒன்றே என்பதால் எண்ணும் சரி என்று தோன்றும். ஆனால் முதல் இரண்டு இலக்கம் மாறினால் வரவு இன்னொரு மாநிலப் பதிவின் கணக்கில் போய் விழும். பொருள் இறங்கிய மாநிலத்து எண்ணைக் கொடுப்பதே முறை.

ஆன்லைன் சந்தைத் தளத்தில் வாங்கியிருந்தால் கதை கொஞ்சம் கடினம். ஆர்டர் போடும்போது ஜிஎஸ்டி எண் கொடுத்தால்தான் உண்டு, பில் உருவான பின் சேர்க்க முடியாது என்று பல தளங்கள் சொல்லிவிடும். தளமும் தன் பங்குக்கு ஜிஎஸ்டிஆர்-8 படிவத்தில், பதிவு பெற்றவருக்கு விற்றது எவ்வளவு, பெறாதவருக்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் காட்ட வேண்டியிருக்கிறது. விற்பவர் தம் கணக்கை மட்டும் மாற்றினால் இரண்டும் பொருந்தாது. திரும்பக் கொடுக்கும் கெடு முடியாமல் பெட்டி பிரிக்கப்படாமல் இருந்தால், திருப்பி அனுப்பிவிட்டு எண்ணோடு மறுபடி வாங்குவது மின்னஞ்சல் போரைவிட விரைவில் முடியும்.

பில்லில் எண் இருந்தும் தவறாக, வேறு யாருடையதாகவோ இருந்தால் விற்றவர் செல்ல வேண்டிய இடம் அட்டவணை 9ஏ. தாக்கல் செய்த பில்லின் பெறுநர் எண்ணை அடுத்த மாத ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தில் அங்கே மாற்றலாம். அதே மாதத்துக்குத் திருத்தம் செய்ய 2024-ல் வந்த ஜிஎஸ்டிஆர்-1ஏ இதற்கு உதவாது, பெறுநர் எண்ணை மாற்ற அதில் அனுமதி இல்லை. ஆண்டு விற்றுமுதல் 5 கோடிக்கு மேல் போனவர்கள் பதிவு பெற்றவர்களுக்கு இ-இன்வாய்ஸ் போட வேண்டும். அதில் பிழை தெரிந்தால் 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம். ரத்தான பில் எண்ணை மறுபடி பயன்படுத்த முடியாது, புது எண்ணில்தான் பில் போட வேண்டும். 24 மணி கடந்துவிட்டால் மீண்டும் ஜிஎஸ்டிஆர்-1 திருத்தம்தான் வழி.

இனி உங்கள் பக்கத்து வேலை. செப்டம்பர் திருத்தத்தை அவர் அக்டோபர் 11-க்குள் தாக்கல் செய்தால், அக்டோபர் 14-ல் உருவாகும் உங்கள் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையில் அந்த பில் தெரிய வேண்டும். பில் எண், தேதி, 3,780 இருமுறை என்று மூன்றையும் ஒத்துப் பாருங்கள். பொருந்தினால் அக்டோபர் 20-க்குள் வரி கட்டித் தாக்கல் செய்யும் ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்தில் வரவை எடுத்துக்கொள்ளலாம். திருத்திய பிடிஎஃப் கைக்கு வந்தும் 2பி-யில் வரி தெரியவில்லை என்றால், அவர் பில்லை மட்டும் மாற்றிவிட்டுக் கணக்கை மாற்றாமல் விட்டார் என்று பொருள். வரவை எடுக்காமல், 2பி பக்கத்தின் படத்தோடு மறுபடி எழுதுங்கள்.

இதற்கெல்லாம் ஓர் எல்லை உண்டு. நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30, அல்லது ஜிஎஸ்டி ஆண்டுக் கணக்குத் தாக்கல், இவற்றில் எது முந்துகிறதோ அதுவே விற்றவரின் திருத்தத்துக்கும் உங்கள் வரவுக்கும் கடைசி நாள். கெடு தாண்டிப்போனால் 49,560 முழுவதையும் பிரின்டரின் விலையாகக் கணக்கில் வைத்து, அதன் மேல் தேய்மானம் எடுக்கலாம். அதற்கு பில் உங்கள் சொந்தப் பெயரிலேயே கிடக்கக் கூடாது. கம்பெனிக் கணக்கிலிருந்து பணம் போனதற்கான வங்கிச் சான்றையும், கம்பெனிக்காகத்தான் வாங்கப்பட்டது என்ற விற்றவரின் கடிதத்தையும் பில்லோடு சேர்த்து வையுங்கள்.