கணக்கில் ஏறிய பணம் உங்கள் பணமா?

“டெக்சஸில் எம்.எஸ். முடித்து ஓ.பி.டி. வேலை அனுமதியில் வேலை தேடுகிறேன். சாட்டிலேயே இன்டர்வியூ முடித்து வேலை தந்த கம்பெனி, வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சாமான் வாங்கும்படி தபாலில் 3,850 டாலருக்கு கேஷியர்ஸ் செக் அனுப்பியது. 2,400-க்கு லேப்டாப், பிரின்டர் வாங்கிக்கொண்டு மீதி 1,450-ஐ Zelle-ல் திருப்பி அனுப்பச் சொல்கிறார்கள். நேற்று பேங்கில் போட்டேன், இன்று பணம் ஏறிவிட்டது. அனுப்பலாமா?”

அனுப்பாதீர்கள். லேப்டாப்பும் வாங்காதீர்கள். இது போலி செக் மோசடி.

பணம் ஏறிவிட்டதுதான் உங்களை நம்ப வைக்கிறது. அமெரிக்காவில் செக் பணத்தை எத்தனை நாளுக்குள் எடுக்க விட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. பேங்கே தன் பெயரில் எழுதித் தரும் கேஷியர்ஸ் செக்கைக் கவுன்ட்டரில் நேரில் போட்டால் பெரும்பாலும் அடுத்த வேலைநாளே. செக் கொடுத்த பேங்க் அதற்குள் பணம் தந்துவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. போலி என்று தெரிந்து செக் திரும்பி வர நாட்கள் ஆகும், சில சமயம் வாரங்கள்கூட ஆகலாம். அதுவரை நீங்கள் எடுப்பது உங்கள் பேங்க் முன்கூட்டிக் கொடுத்த காசு.

உங்கள் கணக்கில் முன்பே 900 டாலர் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். செக் சேர்ந்து 4,750 ஆகிறது. 1,450 அனுப்பினால் 3,300. அப்புறம் செக் திரும்பும்போது பேங்க் 3,850-ஐ முழுதாகப் பிடித்துக்கொள்ளும். கணக்கு மைனஸ் 550-க்குப் போய்விடும், கட்டணம் தனி. ‘எங்கள் வெண்டரிடமே வாங்குங்கள்’ என்று அவர்கள் சொல்லி 2,400-ஐயும் கொடுத்திருந்தால் மைனஸ் 2,950. அந்த வெண்டரும் அவர்கள் ஆள்தான்.

செக்கைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாதா என்றால், கஷ்டம்தான். அதில் இருக்கும் பேங்கின் பெயரும் அதை அடையாளம் காட்டும் ரூட்டிங் எண்ணும் பெரும்பாலும் நிஜமாகவே இருக்கும். அந்த பேங்கின் இணையதளத்தில் போன் எண்ணைத் தேடி எடுத்துக் கூப்பிட்டு, ‘இந்த செக் எண்ணில், இந்தத் தொகைக்கு நீங்கள் செக் கொடுத்தீர்களா?’ என்று கேளுங்கள். செக்கிலேயே அச்சிட்ட போன் எண்ணை நம்பக் கூடாது. எடுப்பவர் அவர்களாகவே இருக்கலாம். உங்கள் பேங்க் கவுன்ட்டரில் ‘க்ளியர் ஆயிடுச்சா?’ என்று கேட்டால் ‘ஆயிடுச்சு’ என்றுதான் பதில் வரும். பணத்தை எடுக்கலாம் என்பதைத்தான் அங்கிருப்பவர் அப்படிச் சொல்கிறார்.

நிஜமான கம்பெனி லேப்டாப்பைத் தானே வாங்கி அனுப்பிவிடும். அதிகமாகப் பணம் போட்டுவிட்டு மீதியைக் கேட்காது.

சரி, இன்றைக்கே பேங்கின் மோசடிப் பிரிவைக் கூப்பிட்டு, செக் போலி என்று சந்தேகிப்பதாகச் சொல்லுங்கள். அந்த 3,850-ஐத் தொடாதீர்கள். ஒருவேளை அதற்குள் அனுப்பியிருந்தால் அதையும் உடனே சொல்லுங்கள்; Zelle-ல் போனது திரும்புவது அரிது, ஆனாலும் கேட்டு வையுங்கள். செக் வந்த உறையைத் தூக்கிப் போட வேண்டாம். தபாலில் வந்ததால் தபால் துறையின் புலனாய்வுப் பிரிவிலும் புகார் கொடுக்கலாம், reportfraud.ftc.gov-லும் பதியுங்கள். ‘வேலைப் படிவம்’ என்று சோஷியல் செக்யூரிட்டி எண்ணை வாங்கியிருந்தால் உங்கள் பெயரில் வேறு யாரும் கடன் வாங்காதபடி Equifax, Experian, TransUnion என்ற மூன்று கிரெடிட் நிறுவனங்களிலும் கிரெடிட்டை ஃப்ரீஸ் செய்துவிடுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை.