ஓட்டத்தின் நடுவே கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தால்: கேள்வி பதில்

அண்ணா, ஊட்டியில் 21 கிலோமீட்டர் ஓட்டம். 16-வது கிலோமீட்டர் ஏற்றத்தில் இடது கெண்டைக்கால் கல்லாக இறுகிவிட்டது. குளிரில் வியர்வையே இல்லை, உப்புத் தண்ணீரும் குடித்திருந்தேன். ஏன்?

களைத்துப்போன சதைதான் காரணம் என்று நினைக்கிறேன். முதல் 5 கிலோமீட்டரை, பயிற்சியில் ஓடுவதைவிடக் கிலோமீட்டருக்கு 40 விநாடி வேகமாக ஓடியதாக முன்பே சொல்லியிருந்தீர்கள், அதன் கணக்கு 16-ல் வந்து நின்றிருக்கிறது. சதைக்குள்ளிருந்து 'சுருங்கு' என்று ஒரு தூண்டல் போகும், தசைநாணிலிருந்து 'போதும், தளர்ந்துகொள்' என்று இன்னொன்று போகும். களைப்பு ஏறினால் முதலாவது கூடி இரண்டாவது மங்கிவிடுகிறது என்பதுதான் இப்போது பலரும் ஏற்கிற விளக்கம். ஏற்றத்தில் முன்பாதத்தை ஊன்றி உந்தும்போது கெண்டைச் சதை குறுகிய நிலையிலேயே உழைக்கும், பிடித்துக்கொள்ள அதுதான் தோதான நேரம்.

அந்த நேரத்தில் என்ன செய்வது? என் நண்பன் ஓங்கிக் குத்தினான், வலி கூடியதுதான் மிச்சம்.

குத்த வேண்டாம். நின்று, ஓரமாக உட்கார்ந்து, முழங்காலை நீட்டி, பாதத்தை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துப் பிடிக்க வேண்டும். வெடுக்கென்று இழுக்கக் கூடாது. அரை நிமிடம் போல விடாமல் பிடித்தால் விரலுக்கடியில் அந்தக் கட்டி இளகுவது தெரியும். அப்புறமும் தோலுக்கடியில் புழு நெளிவதுபோலத் துடித்தால் இன்னும் அடங்கவில்லை, உடனே ஓடினால் திரும்ப வரும். இரண்டு மூன்று நிமிடம் நடந்துவிட்டு, எட்டு வைப்பதைக் குறுக்கி மெதுவாக ஓடுங்கள்.

சார், நான் பழனியில் வெயிலில் ஓடுபவன். உப்பு போட்ட எலுமிச்சைச் சாறு குடித்த ஒரு நிமிடத்தில் எனக்கு விட்டுவிடும். உப்புக் குறைவுதானே அது?

விட்டது உண்மையாக இருக்கலாம், ஆனால் ஒரு நிமிடத்தில் உப்பு சதைக்குப் போய்ச் சேராது. 2010-ல் ஒரு ஆய்வில் மின்தூண்டலால் கால்விரல் சதையில் பிடிப்பை வரவழைத்து, வெள்ளரி ஊறவைத்த காடிச் சாறு கொஞ்சம் கொடுத்துப் பார்த்தார்கள். தண்ணீர் குடித்தபோது இரண்டே கால் நிமிடம் நீடித்த பிடிப்பு, இதில் ஒன்றரை நிமிடத்துக்குள் அடங்கியது, இரத்தத்தில் உப்பு மாறவே இல்லை. தொண்டையில் படும் புளிப்பு நரம்பு வழியாக வேலை செய்கிறது என்று ஊகித்தார்கள். ஓட்டத்தின் நடுவில் வரும் பிடிப்புக்கும் அப்படியே பொருந்துமா என்பது தனிக் கேள்வி. வெயிலில் சட்டையில் உப்புப் படியும் அளவு வியர்ப்பவர்களுக்கு உப்பும் ஒரு பங்கு வகிக்கலாம், இது இன்னும் தீரவில்லை.

அக்கா ஒருத்தர் கேட்கச் சொன்னாங்க: அம்மாவுக்கு ராத்திரி தூக்கத்தில் இழுக்குது, இதேதானா?

இல்லை, அது வேறு. நீட்டிப் பிடித்தால் அதுவும் விடும், ஆனால் அடிக்கடி வந்தால், அவர் சாப்பிடும் மாத்திரைகளை எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள்.

இரண்டு காலும் கையும் சேர்ந்து இழுத்தால்?

நீட்டிக்கொண்டு இருக்காதீர்கள், ஓட்டத்தை நிறுத்துங்கள். கூடவே குழப்பமாகப் பேசினாலோ, சிறுநீர் கறுந்தேநீர் நிறத்தில் போனாலோ, நேராக ஆஸ்பத்திரிதான். தண்ணீரை மேலும் மேலும் குடிக்க வைக்கவும் வேண்டாம். அளவுக்கு மீறிக் குடித்ததாலும் குழப்பம் வரும்.