பிடுமன் ஷீட் தொங்கினால்

"கூரை ஷீட் ஒரு வருஷத்தில் சிவப்பு வெளுத்து, நடுவே தொங்குது. அடியில் தாங்கும் குழாய் 3 அடிக்கு ஒன்று. ஷீட்டை மாத்தணுமா?"

மாற்ற வேண்டாம் சார், தப்பு அந்த 3 அடியில்தான். இது தார் ஊறிய நார் அட்டை; வெயிலில் இளகித் தன் எடையிலேயே தொய்யும். 15 டிகிரிக்கு மேல் சரிவிருந்தால் 2 அடி இடைவெளி போதும், 10 முதல் 15 டிகிரி என்றால் ஒன்றரை அடி. அதற்கும் குறைவானால் அடியில் முழுக்கப் பலகை வேண்டும். ஒவ்வொரு இடைவெளியின் நடுவிலும் ஒரு குழாய் சேருங்கள், ஒன்றரை அடி ஆகிவிடும். ஷீட்டின் அலை முகட்டின் நீளத்துக்கு நூல் பிடித்துப் பாருங்கள்; பள்ளம் விரலளவுதான் என்றால் புதுக் குழாயே தாங்கி நிமிர்த்தும். குளிர்ந்த ஷீட்டை அழுத்தி நிமிர்த்தாதீர்கள், விரிசல் விடும்.

நிறம் வெளுப்பது மேல்பூச்சு மட்டும், அதனால் ஒழுகாது. அடிக்கணும் என்றால் கழுவிக் காயவைத்து, தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் பெயின்ட். தின்னர் கலந்தது தாரையே கரைத்துவிடும்.