புலம்பலைத் தாண்டிக் குதிக்காதீர்கள்: சங்கீத வகுப்புக் கேள்வி-பதில்

சென்ற பாடத்தில் சங்கீதங்களைத் துதி, புலம்பல், நன்றி, ஞானம் என்று நாலாகப் பிரித்துக் காட்டியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில். ஒரே விஷயத்தைக் கேட்டவர்களை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

அம்மம்மாவின் பழைய செபப் புத்தகத்தில் ஆயன் சங்கீதம் 22 என்று இருக்கிறது. புது வேதாகமத்தில் 23. எது சரி? (பாலையூற்று)

இரண்டும் சரி. எபிரேய எண்ணிக்கையில் 9, 10 என்று தனித்தனியாக இருப்பதைக் கிரேக்க மொழிபெயர்ப்பு ஒரே சங்கீதமாகச் சேர்த்துவிட்டது. இலத்தீனும் அதைப் பின்பற்றியது. பழைய கத்தோலிக்கப் புத்தகங்களுக்கு அந்த எண் வந்தது அப்படித்தான். அதனால் 10இலிருந்து 147 வரை பெரும்பாலும் ஒன்று குறைவாக வரும், கடைசி மூன்றில் மறுபடி ஒத்துப்போகும். அம்மம்மாவின் புத்தகத்தைத் திருத்த வேண்டாம். கொப்பியில் குறிக்கும்போது எண்ணோடு முதல் வரியையும் எழுதுங்கள், குழப்பம் வராது.

நூற்றைம்பது சங்கீதத்தையும் நாலு நிரலில் பிரித்து அட்டவணையாக அனுப்பவும். ஞாயிறுக்கு முன் வேண்டும். (உவர்மலை)

அனுப்ப மாட்டேன், தம்பி. அட்டவணை கையில் இருந்தால் உங்கள் வகுப்பில் ஒருவரும் சங்கீதத்தைத் திறக்க மாட்டார்கள்.

40ஆம் சங்கீதத்தையே எடுங்கள். உளையான சேற்றிலிருந்து தூக்கியெடுத்தார் என்று நன்றியோடு தொடங்குகிறது. பன்னிரண்டாம் வசனத்துக்கு வந்தால் எண்ணிமுடியாத தீமைகள் என்னைச் சூழ்ந்துகொண்டன என்று அழுகிறது. கடைசி ஐந்து வசனமும் கிட்டத்தட்ட அப்படியே 70ஆம் சங்கீதமாகத் தனியாகவும் இருக்கிறது. இதை எந்த நிரலில் போடுவீர்கள்?

பல பதிப்புகளில் தடித்த எழுத்தில் இருக்கும் தலைப்பைப் பார்த்து வகை தீர்க்காதீர்கள் என்று சென்ற முறையே சொன்னேன். அந்தத் தலைப்புகள் பதிப்பித்தவர்கள் போட்டவை. ‘இராகத்தலைவனுக்கு ஒப்புவிக்கப்பட்ட’ என்பது போன்ற வரிகள்தான் பழையவை, அவையும் வகையைச் சொல்வதில்லை. பென்சிலை எடுத்து, பேசுகிறவர் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். குழிக்குள் நின்று கூப்பிட்டால் புலம்பல். குழியிலிருந்து ஏறிவந்து நடந்ததைச் சொன்னால் நன்றி. தன் கதையை விட்டுவிட்டுக் கடவுள் எப்படிப்பட்டவர் என்று சொன்னால் துதி. பக்கத்தில் இருப்பவருக்கு வாழும் வழியைச் சொன்னால் ஞானம். நின்ற இடம் நடுவில் மாறினால் மாறுகிற வசனத்தில் ஒரு கோடு போடுங்கள்.

துதிக்கும் நன்றிக்கும் வித்தியாசம் இன்னும் பிடிபடவில்லை. அதோடு, வாடைக் காலத்தில் என் அண்ணரின் வள்ளம் எஞ்சின் நின்று ஒரு இரவு முழுக்கக் கடலில் கிடந்து, பிறகு கரை சேர்ந்தது. நன்றி வழிபாட்டுக்கு எதை வாசிக்கலாம்? (திருக்கடலூர்)

உங்கள் இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான். முதலில் 117ஐ வாசியுங்கள். இரண்டே வசனம். எல்லா ஜாதிகளும் துதியுங்கள் என்ற அழைப்பு, அவருடைய கிருபை பெரியது என்ற காரணம், அவ்வளவுதான். யாருக்கு என்ன நடந்தது என்று அதில் ஒரு வார்த்தை கிடையாது. அது துதி.

அப்புறம் 107க்குப் போங்கள். வனாந்தரத்தில் வழி தவறியவர்கள், சிறையில் கிடந்தவர்கள், நோயாளிகள், கடலோடிகள் என்று நாலு கூட்டத்தாரின் கதை அது. நாலு கதையிலும் ஆபத்தில் கூப்பிட்டார்கள், அவர் விடுவித்தார், ஆகவே அவரைத் துதிக்கட்டும் என்ற அடி திரும்பத் திரும்ப வரும். கடலோடிகளின் பகுதி 23இலிருந்து 32 வரை. அலை வானம் வரை ஏறி ஆழத்துக்கு இறங்குவது, வெறித்தவனைப்போல் தடுமாறுவது, இருந்த அறிவெல்லாம் முழுகிப்போவது, கடைசியில் ‘தாங்கள் நாடின துறைமுகத்தில்’ வந்து சேர்வது எல்லாம் அங்கே உண்டு. அண்ணருக்கு விளக்கம் தேவைப்படாது.

ஒன்றைக் கவனியுங்கள். 32ஆம் வசனம் ‘ஜனங்களின் சபையிலே’ என்கிறது. நன்றிச் சங்கீதத்துக்குச் சாட்சிகள் வேண்டும். போதகர் வாசித்து முடித்ததும் அண்ணர் எழும்பி அந்த இரவைத் தன் வாயால் சொல்லட்டும். எந்த நேரம் எஞ்சின் நின்றது, யார் யார் இருந்தார்கள், என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று. அதைச் சொல்லாவிட்டால் பாதி நன்றிதான் செலுத்தியிருப்பீர்கள்.

ஞாயிறு பாடசாலையில் 13ஆம் சங்கீதம் எடுக்க இருந்தேன். மூத்த ஆசிரியர் ஒருவர், ‘பிள்ளைகளுக்கு விசுவாசம் குறையும், கடைசி இரண்டு வசனத்தை மட்டும் படிப்பியுங்கள்’ என்கிறார். என்ன செய்ய? (சாம்பல்தீவு)

முழுதாகப் படிப்பியுங்கள், தங்கச்சி. இந்த விஷயத்தில் எனக்குப் பொறுமை குறைவு, காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

பல வருஷத்துக்கு முன் ஒரு செத்தவீடு. இருபது வயது மகன். ஜெபம் நடத்தியவர் இதே 13ஐத்தான் திறந்தார். திறந்தவர் ‘உம்முடைய இரட்சிப்பினால் என் இருதயம் களிகூரும்’ என்ற ஐந்தாம் வசனத்தில் தொடங்கினார். நான் அந்தத் தாய்க்குப் பக்கத்தில் இருந்தேன். அவர் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு குனிந்தார். அவர் கேட்க வேண்டிய நாலு வசனம் அதே பக்கத்தில், ஒரு விரல் மேலே இருந்தது. அது அவருக்குக் கிடைக்கவில்லை.

சரி, சங்கீதத்துக்கு வருவோம். மொத்தம் ஆறு வசனம். முதல் இரண்டில் ‘எதுவரைக்கும்’ என்று நாலு தரம் வருகிறது. எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர், எதுவரைக்கும் முகத்தை மறைப்பீர் என்ற முதல் இரண்டும் கடவுளைப் பற்றிய முறைப்பாடு. மூன்றாவது தன் நெஞ்சுக்குள் இருக்கும் சஞ்சலம். நாலாவது தன்மேல் ஓங்கி நிற்கும் சத்துரு. கடவுள், தான், பகைவன் என்ற இந்த மூன்று பக்கமும் பெரும்பாலான புலம்பல்களில் இருக்கும். பிள்ளைகளிடம் மூன்று நிறப் பென்சில் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள்.

மூன்றாம் நாலாம் வசனம் வேண்டுதல். நோக்கிப் பாரும், செவிகொடும், கண்களைத் தெளிவாக்கும் என்று மூன்று கேட்கிறார். முறைப்பாட்டுக்கும் கேட்டதற்கும் உள்ள பொருத்தத்தைக் காட்டுங்கள். முகத்தை மறைத்தவரிடம்தான் பாரும் என்கிறார். அதோடு முதல் வசனத்தில் வெறும் ‘கர்த்தாவே’ என்றவர் இங்கே ‘என் தேவனாகிய கர்த்தாவே’ என்கிறார். கோபத்தில் இருக்கிற பிள்ளையும் ‘என்ர அம்மா’ என்றுதானே கத்தும்.

ஐந்தாம் வசனத்தில் திருப்பம். உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன் என்கிறார். ஆறாவதில் ‘நன்மை செய்தபடியால்’ என்று முடிந்துபோன விஷயம் போலப் பாடுகிறார். நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் என்ன நடந்தது? ஆலயத்தில் குரு ஒருவர் ஆறுதல் வாக்கு ஒன்று சொல்லியிருப்பார் என்று சில ஆய்வாளர்கள் ஊகிக்கிறார்கள். நல்ல ஊகம்தான், ஆனால் அப்படி ஒரு வாக்கு இந்தச் சங்கீதத்தில் எழுதப்படவில்லை. பகைவன் போய்விட்டான் என்றும் எழுதப்படவில்லை. ஆகவே அந்த இடத்தில் வாசிப்பை நிறுத்தி, நாலைந்து மூச்சு மௌனமாக இருங்கள். ஐந்தாம் வசனம் நாலையும் கடந்து வந்தவரின் வாயிலிருந்து வருகிறது. முதல் நாலையும் வெட்டிவிட்டுக் கொடுத்தால் அது வேறு ஜெபம்.

விசுவாசம் குறையுமா என்று கேட்டவருக்கு: சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று புலம்பல்தான். சிலுவையில் இயேசு சொன்னது 22இன் முதல் வரி. 2004 டிசம்பருக்குப் பிறகு நம் கரையில் ‘வெள்ளங்கள் என் ஆத்துமாமட்டும் பெருகிவருகிறது’ என்று 69ஐ வாசித்தபோது, விசுவாசம் இல்லை என்று ஒருவரும் எழும்பிப் போகவில்லை. நம்பாதவனுக்குக் கடவுளிடம் முறைப்பாடு ஏது?

எல்லாப் புலம்பலும் நம்பிக்கையில் முடியும் என்றீர்கள். 88 அப்படி முடியவில்லையே? (நிலாவெளி)

‘எல்லாம்’ என்று நான் சொல்லவில்லை, ‘பெரும்பாலும்’ என்றேன். நீங்கள் கண்டுபிடித்தது சரி. 88இல் திருப்பமே இல்லை. எபிரேயத்தில் அதன் கடைசிச் சொல் ‘இருள்’. இரக்கப்பட்டு அதன் பின்னால் 23ஐ ஒட்டி வாசிக்காதீர்கள். ஆனால் முதல் வசனத்தைப் பாருங்கள். என் இரட்சிப்பின் தேவனே என்று கூப்பிட்டுத்தான் தொடங்குகிறார். இரவும் பகலும் கூப்பிடுகிறார். பதினெட்டு வசனமும் அவரோடுதான் பேச்சு.

1ஆம் சங்கீதத்தில் கடவுளிடம் ஒரு வார்த்தையும் பேசப்படவில்லை. அது எப்படி ஜெபம்? (மூதூர்)

நல்ல கண். அது ஞானச் சங்கீதம். இரண்டு வழியைக் காட்டுகிறது, நீர்க்கால்களின் ஓரத்து மரத்தையும் காற்றுப் பறக்கடிக்கும் பதரையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறது. ஜெபப் புத்தகத்துக்கு வாசற்படி போல வைத்திருக்கிறார்கள். இரண்டாம் வசனத்தில் ‘தியானம்’ என்று நாம் வாசிக்கும் எபிரேயச் சொல் வாய்க்குள் முணுமுணுப்பதைக் குறிக்கும். கண்ணை மூடிப் பேசாமல் இருப்பதை நினைக்காதீர்கள். ஆகவே உள்ளே வருகிறவனுக்கு முதலில் சொல்வது, இந்த வார்த்தைகளை வாயில் போட்டு மென்று பழகு என்பதுதான். 37, 49, 112, 128 எல்லாம் இதே வகை. 73உம் ஞானம்தான் என்றாலும் பாதி புலம்பல். துன்மார்க்கன் செழிக்கிறானே என்று பொறாமைப்பட்டவர், 17ஆம் வசனத்தில் பரிசுத்த ஸ்தலத்துக்குள் போனபிறகுதான் தெளிகிறார். அந்த வசனத்தில் கோடு போடுங்கள்.

‘சேலா’ என்று வருவதைச் சத்தமாக வாசிக்க வேண்டுமா? (கன்னியா)

வேண்டாம். பாடுகிறவர்களுக்கான குறிப்பு அது. சங்கீதங்களில் எழுபது தடவைக்கு மேல் வருகிறது. அந்த இடத்தில் சற்று நிறுத்துங்கள், போதும்.

மகள் இந்த வருஷம் உயர்தரப் பரீட்சை எடுக்கிறாள். சித்தியடைய எந்தச் சங்கீதத்தை எத்தனை தரம் சொல்ல வேண்டும்? (பெயர், ஊர் எழுதவில்லை)

அப்படி ஒரு கணக்கு இந்தப் புத்தகத்தில் எங்கேயும் இல்லை, அம்மா. இத்தனை தரம் சொன்னால் இன்னது கிடைக்கும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

உங்களுக்கும் மகளுக்கும் இப்போது இருப்பது பயம். இரவில் பயம் வந்தால் 13ஐ ஒரு தரம், மெதுவாக, இருவருமாக மாறி மாறி வாசியுங்கள். ‘சத்துரு’ என்ற இடத்தில் மகள் எந்தப் பாடத்தை நினைக்கிறாளோ நினைக்கட்டும். பெறுபேறு நல்லதாக வந்தால் 138. கூப்பிட்ட நாளில் பதில் தந்தீர் என்ற நன்றி அது, அதையும் நாலு பேர் முன்னால் சொல்லுங்கள். நல்லதாக வராவிட்டால் 138ஐ அன்று எடுக்க வேண்டாம். மறுபடி 13க்கு வாருங்கள், முதல் வசனத்திலிருந்து.